தினம் ஒரு படம்: பீன்யா இனிப்புக் கடைக்காரரின் கதை

பீன்யாவில் தெரு நிரம்புவதும் காலியாவதும் ஆலைச் சங்கின் கணக்கு. காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று ஷிப்ட் மாறும் வேளைகளில் சாலையில் கால் வைக்க இடமிருக்காது. அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் சரக்கு ஆட்டோவும் லாரியும்தான் போய்க்கொண்டிருக்கும். 1970களில் உருவான இந்தத் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை, முலாம் பூசும் பட்டறை, பவுடர் கோட்டிங், ஆயத்த ஆடை ஆலை என்று எதற்கும் குறைவில்லை. 2014 மார்ச்சில் மெட்ரோ வந்த பிறகு, பேருந்துக்காகக் கடை வாசலில் நின்றவர்களில் பாதிப்பேர் படியேறி மேலே போய்விட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் குறுக்குத் தெருவில் இனிப்புக் கடை வைத்துப் பிழைப்பது லேசான காரியமல்ல.

திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை என்று ஒரு அல்வாக் கடை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயர்ப்பலகை இல்லாமலே பேர் வாங்கிய கடை அது. மாலையில்தான் திறப்பார்கள், அல்வா தீர்ந்தால் மூடிவிடுவார்கள். எத்தனையோ ஆண்டுகளாக அந்த நேரம் மாறாததால், அந்த நேரமே அவர்களுக்கு விளம்பரமாகிவிட்டது. ஆனால் அங்கே கோயில் இருக்கிறது, தலைமுறை தலைமுறையாக அதே தெருவில் நடக்கும் மக்கள் இருக்கிறார்கள். பீன்யாவில் இன்று ஒரு பட்டறையில் வேலை செய்கிறவர் அடுத்த வருடம் வேறு பட்டறையிலோ வேறு ஊரிலோ இருப்பார். இங்கே கடைக்காரர் தன் நேரத்தையும் தன் சரக்கையும் மக்களின் கைக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். அதை ஒரு மனிதர் எப்படிச் செய்தார் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். இந்தப் பகுதியின் சின்னச் சின்ன இனிப்புக் கடைகளில் பல காலமாகப் பார்த்ததையும் கேட்டதையும் சேர்த்து ஒரே மனிதரின் கதையாகச் சொல்கிறேன். அதனால் அவருக்குப் பெயர் வேண்டாம். கடைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

அவர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் பெங்களூருக்கு வந்து, பெரிய இனிப்புக் கடை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்து, பாத்திரம் தேய்த்து, பிறகு அடுப்படிக்கு வந்து, மாஸ்டராக உயர்ந்தவர். கையில் இருந்த சேமிப்பைப் போட்டுப் பீன்யாவில் சொந்தக் கடை தொடங்கினார். அடுப்பு உள்ளே, கண்ணாடி அலமாரி முன்னால், கல்லாவில் அவர் மனைவி. மைசூர் பாக், லட்டு, பாதுஷா, ஜாங்கிரி, கொஞ்சம் பால் இனிப்பு, மிக்சர், காராசேவு. கைப்பக்குவத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் சாயங்காலம் அலமாரியில் பாதி மிஞ்சும்.

கடையை போனில் போட்டால் கூட்டம் வரும் என்று யாரோ சொன்னார்கள். பி.யு.சி. படித்துக்கொண்டிருந்த அவர் மகள் இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கிக் கொடுத்தாள். முதல் வாரம் உற்சாகத்தில் ஒரே நாளில் நாலைந்து படம் போட்டார். பிறகு பத்து நாள் ஒன்றும் இல்லை. பண்டிகை வந்தால் எங்கிருந்தோ எடுத்த விளக்குப் படத்தில் கடைப் பெயரை ஒட்டி வாழ்த்துச் சொல்வார். ஒருமுறை ஜாங்கிரி பிழியும் காட்சியைப் பாட்டோடு ஒரு ரீல் போட்டார். பல ஆயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். வீட்டில் ஒரே சந்தோஷம். அந்த வாரம் கடைக்குக் கூடுதலாக ஒருவர்கூட வரவில்லை.

அதற்குக் காரணம் இருக்கிறது. ரீலை அந்தச் செயலி யாருக்கு வேண்டுமானாலும் கொண்டுபோய்க் காட்டும். டெல்லியில் இருப்பவர் பார்ப்பார், துபாயில் இருப்பவர் பார்ப்பார், ரசித்து இதயக்குறியும் போடுவார். அவர்கள் யாரும் பீன்யாவுக்கு நடந்து வந்து கால் கிலோ ஜாங்கிரி வாங்கப் போவதில்லை. இனிப்புக் கடையின் வாடிக்கையாளர் வட்டம் மிகச் சிறியது. நடந்து வருகிறவர், ஷிப்ட் முடிந்து வண்டியை ஓரம் கட்டுகிறவர், பக்கத்துக் குடியிருப்புக்காரர் என்று ஒரு மைலுக்குள் முடிந்துவிடும். அந்த வட்டத்துக்குள் இருக்கும் நூறு பேர் பார்த்தால் கடைக்கு லாபம். வெளியே லட்சம் பேர் பார்த்தாலும் கல்லாவுக்குத் தெரியாது.

இதைக் கண்டுபிடித்தவர் கல்லாவில் இருந்த அவர் மனைவிதான். "வர்றவங்க எல்லாம் கையில வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான் தள்ளிக்கிட்டு நிக்கறாங்க. நாம அதுல இருந்தா போதாதா?" என்று கேட்டார். அன்றிலிருந்து கடைக்கென்று தனி எண் வாங்கி, வாட்ஸ்அப் பிசினஸ் போட்டு, தினம் ஒரே ஒரு ஸ்டேட்டஸ் என்று ஆரம்பித்தார்கள்.

முதல் நாள் ஸ்டேட்டஸைப் பார்த்தவர்கள் சொந்தக்காரர்கள் மட்டுமே. ஏன் என்று மகள்தான் விளக்கினாள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லோருக்கும் போகாது. கடை எண்ணை அவர் தன் போனில் சேமித்திருக்க வேண்டும், அவர் எண்ணைக் கடைக்காரரும் சேமித்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் படம் போய்ச் சேராது. ஒரே நேரத்தில் 256 பேருக்குச் செய்தி அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலுக்கும் இதே நிபந்தனைதான். எண்ணைச் சேமிக்காதவருக்கு அது போகாது. படம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதற்கு முன்னால், எத்தனை பேர் போனில் நம் எண் இருக்கிறது என்பதுதான் கேள்வி. தினமும் பதிவிட்டும் பலனில்லை என்று சலித்துக்கொள்ளும் கடைக்காரர்களில் பலருக்கு இந்த இடத்தில்தான் ஓட்டை இருக்கிறது.

எண்ணைச் சேமிக்க வைப்பது சுலபமாக நடக்கவில்லை. முதலில் கல்லாவில் கியூஆர் அட்டை ஒன்றை வைத்தார். பக்கத்திலேயே பணம் கட்டும் கியூஆர் அட்டையும் இருந்ததால் ஆட்கள் மாற்றி ஸ்கேன் செய்து குழம்பினார்கள். இரண்டு மணிக் கூட்டத்தில் அந்தக் குழப்பம் வரிசையையே நிறுத்திவிடும். அட்டையை எடுத்துவிட்டு, இனிப்புப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு சின்னத் தாளை ஒட்டினார். வீட்டில் பெட்டியைத் திறந்து ஒரு துண்டு வாயில் போடும் நேரத்தில் அது கண்ணில் படும். "இன்று என்ன சூடாக இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? இந்த எண்ணைச் சேமித்து ஒரு வணக்கம் அனுப்புங்கள்" என்று கன்னடத்தில் மேலேயும் தமிழில் கீழேயும் அச்சடித்திருந்தார். வணக்கம் அனுப்பியவர் பெயரோடு அவர் வேலை செய்யும் இடத்தையும் கேட்டுச் சேமித்துக்கொள்வார். ஒரு நாளைக்கு இரண்டு பேர் வந்தால் அதிகம். சில நாள் ஒருவரும் இல்லை. ஆனால் அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அவர் இனிப்பைத் தின்று பார்த்துப் பிடித்துப்போய் வந்தவர்கள். அவர்களைக் கொண்டுதான் அந்தப் பட்டியல் வளர்ந்தது.

அடுத்தது நேரம். முதலில் காலையில் கடை திறந்ததும் படம் போட்டார். காலை ஷிப்டுக்காரர் அப்போது இயந்திரத்தின் முன் நிற்பார், இரவு ஷிப்டுக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார். அவர்கள் சாயங்காலம் அதைப் பார்க்கும்போது படத்தில் இருந்த பண்டம் தீர்ந்திருக்கும். அதனால் மதியம் ஒன்றரை மணி என்று மாற்றினார். இரண்டு மணிக்கு வெளியே வருகிறவர் உடை மாற்றும் அறையில் போனை எடுக்கும்போது ஸ்டேட்டஸ் மேலேயே நிற்கும். இரண்டு மணி ஷிப்டுக்கு உள்ளே போகிறவரும் போகும் வழியில் பார்ப்பார்.

இந்த நேர மாற்றம் அடுப்படியையே மாற்றிவிட்டது. முன்பு மைசூர் பாக்கைக் காலையில் எப்போது கை ஒழிகிறதோ அப்போது கிண்டுவார். இப்போது ஒன்றரைக்குப் படம் போட வேண்டுமென்றால் பன்னிரண்டு மணிக்கு அடுப்பில் கடாய் ஏறியாக வேண்டும். சர்க்கரைப் பாகு ஒரு கம்பிப் பதம் வந்ததும் சலித்த கடலை மாவைத் தூவிக் கட்டி விழாமல் கிளறுவார். இன்னொரு அடுப்பில் புகையக் காய்ந்த நெய்யைக் கரண்டி கரண்டியாக விடுவார். ஒவ்வொரு கரண்டிக்கும் மாவு சுர்ரென்று பொங்கி நுரைத்துத் தணியும். நெய் கக்கி, ஓரம் விட்டு, நுரையில் கண் விழும் தருணத்தில் சட்டென்று தட்டில் கொட்டிவிட வேண்டும். கை சூடு பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் கத்தியால் கீறுவார். முழுக்க ஆறவிட்டுக் கீறினால் உதிரும். இதெல்லாம் முடிய ஒன்றே கால் ஆகும். வாடிக்கையாளர் இரண்டு மணிக்கு வந்து நிற்கும்போது மைசூர் பாக்கில் இன்னும் வெதுவெதுப்பு இருக்கும். போனில் படம் போடுவது விளம்பர வேலை என்று நினைத்துத் தொடங்கியவருக்கு, சரியான நேரத்தில் சரியான பண்டத்தை இறக்கும் ஒழுங்கு அதன் வழியாக வந்து சேர்ந்தது.

படம் எடுப்பதிலும் அவர் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டார். ஆரம்பத்தில் படமெல்லாம் புகை படிந்தாற்போல் இருக்கும். போன் பழசு என்று நினைத்தார். அடுப்படியில் கை பட்டுப் பட்டுக் கேமராக் கண்ணில் நெய் படலமாக ஏறியிருந்தது. வேட்டி நுனியால் துடைத்ததும் தெளிந்துவிட்டது. டியூப்லைட் வெளிச்சத்தில் மைசூர் பாக்கின் மஞ்சள் பச்சை பாய்ந்த மாதிரித் தெரியும். அதனால் தட்டைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, வெயில் நேராகப் படாத நிழலில் வைத்து எடுத்தார். முழுத் தட்டையும் காட்டாமல் ஒரு துண்டை எடுத்து நிறுத்தி, அதன் வெட்டுப் பக்கத்தைக் காட்டினார். பழைய பாணியில் கிண்டிய நல்ல மைசூர் பாக்கின் வெட்டுப் பக்கத்தில் மேலும் கீழும் வெளிர் மஞ்சளாகவும் நடுவில் செம்பழுப்பாகவும் இருக்கும். கொட்டிய பிறகும் நடுப்பகுதியில் சூடு தங்கி அங்கே மட்டும் மாவு மேலும் வறுபடுவதால் வரும் நிறம் அது. கூடவே தேன்கூடு போலத் துளைகள். விவரம் தெரிந்தவர் அந்த ஒரு படத்தைப் பார்த்தாலே நெய் எவ்வளவு காய்ந்தது, எப்போது இறக்கினார் என்று சொல்லிவிடுவார். இணையத்தில் எடுத்த எந்தப் படத்தாலும் இந்த நம்பிக்கையைத் தர முடியாது. படத்தில் இருப்பது இன்று இதே கடையில் கீறிய துண்டு என்பது பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடுகிறது.

படத்தின் கீழே மூன்றே விஷயம் எழுதுவார்: என்ன பண்டம், எத்தனை மணிக்கு இறக்கியது, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும். மூன்றாவது அவர் கண்டுபிடித்ததல்ல. உதிரியாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதி வரை நன்றாக இருக்கும் என்பதைத் தட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று 2020 அக்டோபர் 1 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது. பலரும் அதைத் தொல்லையாக நினைத்தார்கள். இவர் அந்தத் தேதியையே படத்திலும் போட்டார். பால் இனிப்புக்கு இரண்டு நாள் என்றும் நெய் இனிப்புக்கு ஒரு வாரம் என்றும் பார்த்துப் பழகிய வாடிக்கையாளர், ஊருக்குப் போகும்போது எதை வாங்குவது, வீட்டுக்கு எதை வாங்குவது என்று தானே முடிவு செய்துகொண்டு வந்தார்.

நான்காவதாக ஒரு வழக்கம் தொடங்கியதற்கு ஒரு வருத்தம் காரணம். படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் மூன்று மணிக்கு நாகசந்திராவிலிருந்து வண்டியில் வந்தார். மைசூர் பாக் தீர்ந்திருந்தது. "தீந்துபோச்சுன்னா அதையும் போடக் கூடாதா அண்ணா? வெயில்ல அலைஞ்சு வந்தேனே" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து தட்டுக் காலியானதும் காலித் தட்டைப் படமெடுத்து "இன்றைக்கு முடிந்தது, நாளை ஒன்றரைக்கு" என்று போட ஆரம்பித்தார். விற்றுத் தீர்ந்ததைச் சொன்னால் வரவிருக்கிறவரும் வராமல் போவாரே என்று மனைவி பயந்தார். ஆனால் மறுநாள் இரண்டு மணிக்கே ஆள் வந்து நின்றது. அதைவிட முக்கியமாக, 'இருக்கிறது' என்று அவர் போட்டால் இருக்கும் என்ற உறுதி ஜனங்களுக்கு வந்தது.

ஒருநாள் பாகு பதம் தாண்டிவிட்டது. யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒரு நிமிடம் அடுப்பை விட்டு நகர்ந்ததன் பலன், தட்டில் கல்லாய் இறுகிக் கிடந்தது. நேற்றைய படத்தை இன்றைக்குப் போட்டுவிட்டு மிச்சமிருந்ததை விற்றிருக்கலாம்; யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் அந்தக் கல் தட்டையே படமெடுத்தார். "இன்று பாகு முறுகிவிட்டது. மைசூர் பாக் இல்லை. லட்டு இருக்கிறது" என்று போட்டார். அன்று லட்டு வாங்க வந்தவர்களில் பலர், அந்தப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். தினமும் பதிவிடுவது என்றால் தினமும் நல்ல செய்தியே சொல்வது என்று நாம் நினைத்துவிடுகிறோம். கடைக்கும் காய்ச்சல் வரும், கை தவறும், மின்சாரம் போகும். அந்த நாளிலும் ஒன்றரை மணிக்கு உள்ளதைச் சொன்னால்தான் மற்ற நாளில் சொன்னதும் உண்மை என்று ஆகும்.

இவ்வளவும் செய்தும் முதல் சில மாதங்களில் கல்லாவில் பெரிய மாற்றம் இல்லை. ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள் என்று பெயர்ப் பட்டியல் காட்டும். இரவு கடை மூடியதும் அவர் அதைப் புரட்டுவார். சில பெயர்கள் தினமும் இருக்கும். ஆனால் கடைப் பக்கம் வந்ததே இல்லை. "பாக்கறாங்க, வரமாட்டேங்கறாங்க ஐயா. போன் போட்டுக் கேக்கட்டுமா?" என்று என்னிடம் கேட்பார். வேண்டாம் என்றேன். ஸ்டேட்டஸின் நல்ல குணமே பார்க்கிறவர் தானாக வந்து பார்ப்பதுதான். துரத்தினால் எண்ணை அழித்துவிடுவார். தடை செய்துவிட்டால் அந்தக் கதவு அதோடு மூடியது. அதனால் பிராட்காஸ்ட் செய்தியை அவர் பண்டிகை முன்பதிவுக்கு மட்டும் வைத்துக்கொண்டார். மற்ற நாளில் யார் போனையும் மணியடிக்க விடவில்லை.

பார்ப்பவர் எண்ணிக்கையை விட்டுவிட்டு வேறு ஒன்றைக் கவனிக்கச் சொன்னேன். வருகிறவர் வாசலில் என்ன கேட்டுக்கொண்டு வருகிறார் என்பதை. முன்பெல்லாம் வந்தவர் அலமாரியைப் பார்த்து, "என்ன இருக்கு? எது நல்லா இருக்கு?" என்பார். பிறகு ஒருவர் இருவராக, "ஒன்றரைக்குப் போட்ட பாதுஷா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே படியேறினார்கள். கல்லாவில் ஒரு பழைய நோட்டு வைத்து, அப்படிக் கேட்டு வந்தவருக்கு ஒரு கோடு போடச் சொன்னேன். கோடு மெதுவாகத்தான் ஏறியது. வாரத்துக்கு வாரம் பார்த்தால் தெரியாது. மாதத்துக்கு மாதம் பார்த்தால் தெரிந்தது. கூடவே சாயங்காலம் மிஞ்சும் சரக்கு குறைந்தது. சிறு கடைக்காரருக்கு வியாபாரம் கூடியதைவிட மிச்சம் குறைந்ததுதான் முதலில் கிடைக்கும் லாபம், ஏனென்றால் நெய் போட்ட பண்டம் மிஞ்சினால் அந்த நெய்க் காசும் சேர்ந்து போகிறது.

பெரிய திருப்பம் ஆயுத பூஜையில் வந்தது. பீன்யாவுக்கு அது தீபாவளியைவிடப் பெரிய நாள் என்றே சொல்லலாம். அன்று லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் இட்டு, பூசணிக்காய் உடைத்து, பொரியும் இனிப்புப் பெட்டியும் தொழிலாளர்களுக்குக் கொடுப்பார்கள். சிறு பட்டறையாக இருந்தாலும் பெட்டி இல்லாமல் அனுப்ப மாட்டார்கள். முதல் வருடம் அந்த ஆர்டர்கள் எல்லாம் பெரிய கடைகளுக்கே போயின. இரண்டாம் வருடம் பூஜைக்குச் சில வாரம் இருக்கும்போது, சி.என்.சி. பட்டறை ஒன்றின் மேற்பார்வையாளர் கடைக்கு வந்தார். கடைக்காரர் இரவில் புரட்டும் பட்டியலில் தினமும் இருந்து ஒருநாளும் வராத பெயர்களில் அவருடையதும் ஒன்று. அவருக்குச் சர்க்கரை நோய், இனிப்பே தொடமாட்டார். யாரோ வாங்கிவந்த பெட்டி மூடியைப் பார்த்து எண்ணைச் சேமித்து வணக்கம் அனுப்பியிருக்கிறார்.

"ஒரு வருஷமா பார்க்கறேன். இல்லாத நாள் இல்லைன்னு போடறீங்க, கெட்டுப்போன நாளும் போடறீங்க. அறுபது பேருக்குப் பெட்டி வேணும், உங்களால முடியுமா?" என்று கேட்டார்.

ஆளுக்குக் கால் கிலோ. அறுபது பெட்டிக்குப் பதினைந்து கிலோ. என்ன வைப்பது என்று இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். பூஜைக்கு முந்தின நாள் பெட்டி கைக்கு வரும். ஊருக்கு எடுத்துப் போகிறவர் மறுநாளோ அதற்கும் மறுநாளோதான் திறப்பார். அதனால் பால் இனிப்பு வேண்டாம் என்று கடைக்காரரே சொன்னார். நாற்பது கிராம் எடையில் மைசூர் பாக் இரண்டு, அதே எடையில் லட்டு இரண்டு, நாற்பத்தைந்து கிராமில் பாதுஷா இரண்டு; கூட்டினால் சரியாக 250 கிராம். அப்படியென்றால் ஒவ்வொன்றிலும் நூற்றிருபது உருப்படி. லட்டும் பாதுஷாவும் இரண்டு நாள் முன்னால், மைசூர் பாக் முந்தின நாள் விடியற்காலை என்று வேலையைப் பிரித்தார். நெய்யும் கடலை மாவும் மொத்தமாக வாங்கப் பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொண்டார்.

பெட்டி போடும் நாளில் அவர் போட்ட படம் எனக்கு இன்றும் பிடித்த படம். தராசில் வெறும் அட்டைப் பெட்டி மட்டும் இருக்கிறது, தராசு பூஜ்யம் காட்டுகிறது. பெட்டியின் எடையைக் கழித்துவிட்டுத்தான் இனிப்பை நிறுக்கிறார் என்று அதற்கு அர்த்தம். அட்டைப் பெட்டியையும் சேர்த்து இனிப்பு விலையில் நிறுப்பது சட்டப்படி தவறு. ஆனாலும் பல இடங்களில் நடக்கிறது. வாங்குகிறவருக்கும் அது தெரியும். ஒரு வரி வசனம் இல்லாமல் அந்தப் படம் சொன்ன செய்தி பக்கத்துப் பட்டறைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்தடுத்து ஆர்டர் கேட்டு ஆட்கள் வந்தார்கள்.

இரண்டு பட்டறையின் ஆர்டரை ஒப்புக்கொண்டார். அதற்குமேல் வந்ததற்கு, "இந்த ஆயுத பூஜைக்கு முன்பதிவு முடிந்தது" என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட்டார். மகளுக்குக் கோபம். "வர்ற காசை யாராவது வேண்டாம்னு சொல்லுவாங்களா அப்பா?" என்றாள். ஒரு மாஸ்டரும் ஓர் உதவியாளரும் இரண்டு அடுப்பும் உள்ள கடையில் எவ்வளவு பாகு காய்ச்ச முடியும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. அதைத் தாண்டினால் வெளியில் வாங்கிக் கலக்க வேண்டிவரும். அப்படிக் கலந்தால் ஒரு வருடமாகக் காட்டிய வெட்டுப் பக்கமும் பெட்டிக்குள் இருக்கும் வெட்டுப் பக்கமும் வேறாக இருக்கும். தினமும் படம் போட்டவருக்கு இந்த ஒரு கட்டுப்பாடு கூடுதலாக வந்துவிடுகிறது. அவர் பண்டம் எப்படி இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். மறுவருடம் இன்னொரு மாஸ்டரை முன்கூட்டியே சேர்த்துக்கொண்டு அதே ஆட்களுக்குச் செய்து கொடுத்தார்.

இந்த வழியால் முடியாதவையும் உண்டு. பண்டம் சுமாராக இருந்தால் தினப்படம் அதை இன்னும் வேகமாக ஊருக்குச் சொல்லிவிடும். வேலை மாறி ஊர் மாறுகிறவர்கள் பட்டியலிலிருந்து போய்க்கொண்டே இருப்பார்கள். அதனால் பெட்டி மூடியில் தாள் ஒட்டுவதை எந்த வருடமும் நிறுத்த முடியாது. ஆலைகளில் சம்பளம் வருகிற ஏழாம் தேதி, பத்தாம் தேதியை ஒட்டிய நாட்களில் விற்பனை ஏறும், மாதக் கடைசியில் இறங்கும். எந்தப் படமும் அதை மாற்றாது. மாதக் கடைசியில் அவர் நூறு கிராம் பொட்டலத்தைப் படம் போடுகிறார், அவ்வளவுதான். கடையும் பெரிய மாளிகையாகிவிடவில்லை. அதே குறுக்குத் தெரு, அதே அலமாரி. சாயங்காலம் அது காலியாக இருக்கிறது என்பதே மாற்றம்.

இளையவர்கள் பலர் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "ஒரு மாசம் விடாம போட்டேன் ஐயா, ஒண்ணும் நடக்கல." அவர்களிடம் நான் கேட்பது மூன்று. நீங்கள் போடுவதைப் பார்க்கிறவர் உங்கள் கடைக்கு வரக்கூடிய தூரத்தில் இருக்கிறாரா? நீங்கள் போட்ட நேரத்தில் அந்தப் பண்டம் உண்மையிலேயே தட்டில் இருந்ததா? இல்லாத நாளில் இல்லை என்று சொன்னீர்களா? இந்த மூன்றுக்கும் ஆமாம் என்றால் ஒரு மாதம் போதாது, ஒரு வருடம் போடுங்கள். ஏனென்றால் வாங்குகிறவர் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக எடைபோடுவதில்லை. சொன்னதும் செய்ததும் எத்தனை முறை ஒத்துப்போகிறது என்று மனதுக்குள் கணக்கு வைத்துக்கொள்கிறார். அந்தக் கணக்கு நிறையும் நாளை அவர்தான் முடிவு செய்வார். அந்தச் சி.என்.சி. பட்டறைக்காரருக்கு அது ஒரு வருடம் ஆனது. அவர் வந்து கேட்கும் நாளில் கடை திறந்திருக்க வேண்டும், கை பழகியிருக்க வேண்டும், சொன்ன எடையில் சொன்ன தேதிக்குள் கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். தினம் ஒன்றரை மணிக்கு ஒரு படம் என்ற சின்ன ஒழுங்கு அந்த மனிதரை அதற்குத் தயாராக்கி வைத்திருந்தது.